அனுப்பியது 600 டொலர், வந்தது 563: இடையில் எடுத்தது யார்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டே ஜேர்மன் கம்பனி ஒன்றுக்கு டிசைன் வேலை செய்து கொடுக்கிறேன். மாதம் 600 டொலர். 2025 ஜூன் மாதக் காசில் 563 டொலருக்கான ரூபாதான் கணக்கில் விழுந்தது. முழுக் காசும் அனுப்பினோம் என்கிறது கம்பனி. ஹட்டன் கிளையில் கேட்டால் நாங்கள் எடுத்தது 7 டொலர்தான் என்கிறார்கள். அப்போ மீதி 30 டொலர் எங்கே போனது? வங்கியில் தந்த தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பதில்: கம்பனியும் பொய் சொல்லவில்லை, கிளையும் பொய் சொல்லவில்லை. அந்த 30 டொலர் நியூயோர்க்கில் கழிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாளிலேயே அது எழுதியிருக்கிறது:

```
:32A:250612USD570,
:33B:USD600,
:71A:SHA
:71F:USD18,
:71F:USD12,
```

33B என்பது கம்பனி அனுப்பச் சொன்ன தொகை. 32A என்பது கொழும்பில் உங்கள் வங்கியின் கைக்கு வந்த தொகை, முன்னால் இருப்பது திகதி. நடுவில் உள்ள இரண்டு 71F வரிகளும் வழியில் இரண்டு வங்கிகள் ஆளுக்கொரு தடவை கழித்ததைக் காட்டுகின்றன. 600இல் 18உம் 12உம் போனால் 570. அதில் உங்கள் வங்கி 7 எடுத்தது, 563. கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஜேர்மனியிலிருந்து இலங்கைக்கு வரும் காசு ஏன் அமெரிக்காவைச் சுற்றி வர வேண்டும்? டொலரில் அனுப்பியதால்தான். சுவிஃப்ட் என்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலையமைப்பு மட்டுமே, அதன் வழியாகக் காசு நகர்வதில்லை. காசு நகர வேண்டுமென்றால் ஒரு வங்கியில் ஒரு கணக்கில் குறைந்து இன்னொரு கணக்கில் கூட வேண்டும். ஜேர்மன் வங்கியும் உங்கள் வங்கியும் தங்கள் டொலரை நியூயோர்க்கில் உள்ள ஏதாவதொரு பெரிய வங்கியில் கணக்குத் திறந்து வைத்திருக்கின்றன. இப்படி மற்ற வங்கிக்காகக் கணக்கு வைத்துக் காசு கைமாற்றிக் கொடுப்பதைத்தான் தொடர்பு வங்கி என்கிறோம்.

உங்கள் விஷயத்தில் இரண்டு வங்கிகளுக்கும் பொதுவான தொடர்பு வங்கி இல்லை. அதனால் ஜேர்மன் வங்கி, தன் கணக்கு இருக்கும் நியூயோர்க் வங்கிக்கு “என் கணக்கில் 600 எடுத்து, கொழும்பு வங்கியின் கணக்கு இருக்கும் அந்த வங்கிக்குக் கொடு” என்று சொன்னது. முதல் நியூயோர்க் வங்கி 18 எடுத்துக்கொண்டு 582ஐ இரண்டாவதற்கு அனுப்பியது. இரண்டாவது 12 எடுத்துக்கொண்டு 570ஐ உங்கள் வங்கியின் கணக்கில் வரவு வைத்தது. அதன் பிறகுதான் கொழும்பிலிருந்து உங்கள் கணக்குக்கு.

அந்த நியூயோர்க் வங்கிகளுக்கு நீங்களும் வாடிக்கையாளர் இல்லை, உங்கள் கம்பனியும் இல்லை. ஆனால் கைமாற்றிக் கொடுக்கும் வேலையோடு, ஒவ்வொரு பெயரையும் அமெரிக்கத் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பும் அவற்றுக்கு இருக்கிறது. அதற்கான கட்டணத்துக்குத் தனியாக பில் அனுப்ப ஆளில்லாததால், கடந்து போகும் தொகையிலேயே எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுக்க இடம் கொடுத்தது 71A வரியில் இருக்கும் SHA. அனுப்புகிறவர் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் கட்டுவார், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பெறுகிறவர் தலையில் என்று அதற்கு அர்த்தம். அங்கே OUR என்று இருந்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது. BEN என்றால் முழுவதும் உங்களுடையது. 2025 நவம்பரோடு இந்தப் பழைய செய்தி வடிவம் நாடு கடந்த பணப் பரிமாற்றத்தில் நின்றுவிட்டது. இப்போது தாளில் SHAR, DEBT, CRED என்று பார்ப்பீர்கள், முறை அதேதான்.

சரி, என்ன செய்யலாம்? பலரும் முதலில் சொல்வது, கம்பனியை OUR போடச் சொல்லுங்கள் என்பது. கேட்டுப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அவர்களுக்குச் செலவு கூடும். அப்படிப் போட்டும் இடையிலுள்ள வங்கி கழித்துவிடுவது உண்டு. அப்போது அனுப்பிய வங்கி வழியாகக் கேட்டு வாங்க வேண்டிவரும், 18 டொலருக்காக ஒரு கம்பனி அதன் பின்னால் அலையும் என்று நான் நம்பமாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது, இன்வொய்ஸை யூரோவில் போடுங்கள். ஜேர்மன் கம்பனியிடம் இருப்பதே யூரோதான். யூரோ நியூயோர்க் போகத் தேவையில்லை. உங்கள் வங்கி யூரோக் கணக்கு வைத்திருக்கும் ஐரோப்பிய வங்கிக்கு, பெரும்பாலும் பிராங்பேர்ட்டில் இருக்கும், நேரே போய்ச் சேரும். கழிக்கும் கைகள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறையும். அதோடு யூரோவை டொலராக மாற்றும் நட்டமும் ஒரு தடவை மிச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இனி உங்கள் வருமானம் யூரோ விலையோடு ஏறி இறங்கும். உங்கள் பெயரில் டொலர்க் கணக்கு இருந்து அதில் யூரோ வந்தால் வங்கி அதை மாற்றியே போடும். ஆகவே எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கிளைக்குப் போய் “உங்கள் யூரோ தொடர்பு வங்கி எது, அதன் சுவிஃப்ட் குறியீடு என்ன” என்று எழுத்தில் வாங்கி, இன்வொய்ஸின் அடியில் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் அனுப்பும் வங்கி தனக்குத் தெரிந்த நீண்ட வழியைப் பிடிக்கலாம்.

இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் தொகையைப் பார்த்து ஏறுவதில்லை, ஒரு தடவைக்கு இவ்வளவு என்பதுதான். 600க்கு 37 என்பது நூற்றுக்கு ஆறுக்கும் மேல். இரண்டு மாதத்தைச் சேர்த்து 1200ஆக வாங்கினால் அதே 37 ஏறக்குறைய மூன்று வீதம். மூன்று நான்கு மாதம் என்று இழுக்க வேண்டாம், கம்பனியிடம் காசை நிலுவையில் விட்டுவைப்பதில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரிது.

அப்புறம் பெயர் விஷயம். நம் மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் என்று இருப்பது சாதாரணம். கம்பனிக்கு நீங்கள் கொடுத்த ஆங்கிலப் பெயர் வங்கிக் கணக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் செய்தி நடுவழியில் நிற்கும், விளக்கம் கேட்டு எழுதுவார்கள், அதற்கும் தனியாகக் கட்டணம் விழலாம். முகவரியிலும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும் போதாது, தலவாக்கலை என்று ஊரும் இலங்கை என்று நாடும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் கழிவு இதைவிடக் கூடினால் UETR எனப்படும் 36 எழுத்துள்ள இலக்கத்தைக் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து, காசு எந்த வங்கியில் எப்போது நின்றது, யார் எவ்வளவு எடுத்தார் என்பதைப் பெரும்பாலும் அவர்களுடைய வங்கியே திரையில் பார்த்துச் சொல்லிவிடும்.