முதல் விடை தவறு, மீதிக்கு மதிப்பெண் உண்டா? இயக்கவியல் கணக்குத் திருத்தம்: கேள்வி பதில்

பணியில் சேர்ந்து முதல் வருடம் ஆகும் ஆசிரியை: டீச்சர், பிளஸ் ஒன் மாதத் தேர்வில் நான் கொடுத்த கணக்கு இது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் கார். ஓட்டுநர் தடையைப் பார்த்து 0.5 வினாடி கழித்து பிரேக் போடுகிறார். பிரேக் போட்டதிலிருந்து 4 வினாடியில் கார் நிற்கிறது. (அ) எதிர்முடுக்கம், (ஆ) பிரேக் போட்ட பின் ஓடிய தூரம், (இ) தடையைப் பார்த்ததிலிருந்து மொத்தத் தூரம், (ஈ) தடை 42 மீட்டரில் இருந்தால் மோதுமா, மோதினால் என்ன வேகத்தில்? மதிப்பெண் 2, 2, 2, 4. ஒரு பையன் (அ)வில் 4.44 என்று எழுதி அதையே கடைசிவரை கொண்டுபோய்விட்டான். ஒரு விடைகூட என் விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை. பத்துக்கு 1 போட்டேன். சரிதானே?

சரியில்லை அம்மா. அந்தப் பையனுக்கு 9 வர வேண்டும்.

முதலில் 4.44 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 72 கி.மீ. என்பதை 20 மீ/வி என்று சரியாகத்தான் மாற்றியிருக்கிறான். 4 வினாடியோடு அந்த 0.5ஐயும் கூட்டி 4.5ஆல் வகுத்திருக்கிறான். ஆக, வேகத்தை மாற்றியதற்கு 1 கிடைக்கும், எதிர்முடுக்கத்துக்கான 1 போகும். தவறு அங்கேயே முடிந்துவிட்டது.

இனி விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு கால்குலேட்டரை எடுங்கள். அவனுடைய 4.44ஐ வைத்து நீங்களே கணக்கைப் போடுங்கள். (ஆ)வில் v² = u² + 2as போட்டால் 400ஐ 8.88ஆல் வகுக்க வேண்டும், 45 மீட்டர் வரும். (இ)யில் பிரேக் போடும் முன் ஓடிய 10 மீட்டரைச் சேர்த்தால் 55. (ஈ)யில் 42இல் 10 போக பிரேக்குக்கு மிச்சம் 32 மீட்டர். 400 − 2 × 4.44 × 32 என்பது சுமார் 116, அதன் வர்க்கமூலம் 10.8 மீ/வி. அவன் தாளில் இருப்பது இந்த எண்கள்தான் என்றால் 2, 2, 4 மூன்றும் முழுதாக அவனுக்குச் சேர வேண்டும். உங்கள் குறிப்பில் 40, 50, 8.9 என்று இருப்பதற்கும் அவன் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கணக்கின் உயிர் (ஈ)யில்தான் இருக்கிறது. 42 மீட்டரையும் பிரேக் தூரமாக எடுத்துக்கொள்ளாமல் 10ஐக் கழிக்கத் தெரிகிறதா, இறுதி வேகம் சுழி என்று பழக்கதோஷத்தில் எழுதாமல் இருக்கத் தெரிகிறதா என்பதைத்தான் அந்த 4 மதிப்பெண் சோதிக்கிறது. பையன் இரண்டையும் செய்திருக்கிறான். இன்னொன்று கவனித்தீர்களா? (இ)யில் அரை வினாடிக்கு கார் அதே வேகத்தில் ஓடியது என்று சரியாகவே போட்டிருக்கிறான். ஓட்டுநர் தாமதித்த நேரம் என்றால் என்னவென்று தெரிந்தவன்தான், (அ)வில் அவசரப்பட்டுவிட்டான்.

சி.பி.எஸ்.இ. விடைக்குறிப்புகளோடு வரும் பொது அறிவுரையிலேயே இது இருக்கிறது: ஒரு பிழை அடுத்தடுத்து ஏற்படுத்தும் விளைவுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, ஒரு முறைதான் குறைக்க வேண்டும்.

டியூஷன் எடுக்கும் ஒருவர்: தவறான விடைக்கு முழு மார்க் கொடுத்தால், கஷ்டப்பட்டுச் சரியாகப் போட்ட பிள்ளைக்கு என்ன மரியாதை மேடம்? நான் பின்னால் வரும் பகுதிகளுக்குப் பாதி மார்க் போடுவேன். நடுநிலையாக இருக்கும்.

பாதி போட்டால் அந்தப் பையனுக்கு (ஆ), (இ), (ஈ)யில் 1, 1, 2 என்று இன்னும் 4 போகிறது. அரை வினாடியைக் கூட்டிய ஒரே தவறுக்கு மொத்தம் 5 மதிப்பெண். அதே தவறை ஒரே பகுதி உள்ள கணக்கில் செய்திருந்தால் 1தான் போயிருக்கும். கேள்வியை நாம் எத்தனை துண்டாக வெட்டினோம் என்பதற்குப் பிள்ளை ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. தவறான எண் பின்னால் வரும் வேலையையே சுலபமாக்கிவிடும் இடங்கள் உண்டு. அங்கே நீங்கள் சொல்லும் அநியாயம் நிஜமாகவே நடக்கும். அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்: இதே கணக்கை என் வகுப்பிலும் கொடுத்தேன். இரண்டு பேர் (அ)வில் வகுப்பதற்குப் பதில் பெருக்கி 20 × 4 = 80 மீ/வி² என்று எழுதிவிட்டார்கள். ஒருத்தி (ஈ)யில் "கார் முன்பே நின்றுவிடும், மோதாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாள். இன்னொருவன் மோதும் வேகம் 68.7 மீ/வி என்கிறான். இருவருக்கும் எப்படிப் போடுவது?

இரண்டு தாளையும் 80ஐ வைத்தே நடந்து பார்ப்போம். (ஆ)வில் 400ஐ 160ஆல் வகுத்தால் 2.5 மீட்டர், (இ)யில் 12.5 மீட்டர். இருவரும் அப்படி எழுதியிருந்தால் அந்த நாலு மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

மாணவி சொன்னது அவளுடைய எண்ணுக்குப் பொருத்தமான முடிவு. 12.5இல் நின்ற கார் 42இல் இருப்பதை எப்படி மோதும்? ஆனால் (ஈ)யின் 4 மதிப்பெண்ணில் மிச்சத் தூரம் 32 என்பதற்கு 1, சமன்பாட்டில் பிரதியிட்டதற்கு 1, வேகத்துக்கு 1, மோதுமா என்ற முடிவுக்கு 1 என்று பிரித்திருந்தால், அவள் செய்து காட்டியது கடைசி ஒன்றைத்தான். அவள் தவறு அவளுக்கு மற்ற வேலையை மிச்சப்படுத்திவிட்டது. செய்யாத வேலைக்கு மதிப்பெண் தர வழியில்லை. நான் 1 போடுவேன். 12.5ஐயும் 42ஐயும் ஒப்பிட்டுக் காரணம் எழுதியிருந்தால் 2 போடுவேன். ஒப்பிட்டு எழுதினால் முழு 4ம் தர வேண்டும் என்று வாதாடும் சக ஆசிரியர்கள் எனக்கு உண்டு. கேட்ட கேள்விக்கு அவள் எண்படி முழு பதில் அதுதானே என்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எதைச் செய்தாலும் கட்டு முழுவதற்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

பையனின் கதை வேறு. 400 − 2 × 80 × 32 போட்டால் −4720 வரும். அவன் குறையைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு வர்க்கமூலம் எடுத்திருக்கிறான். 68.7 அப்படித்தான் வந்தது. இது (அ)விலிருந்து வந்த பிழை இல்லை, (ஈ)யில் புதிதாகச் செய்தது. 32க்கும் பிரதியிட்டதற்கும் 2 கொடுங்கள், வேகத்துக்கும் முடிவுக்கும் கிடையாது. 20 மீ/வி வேகத்தில் வந்த கார் பிரேக் போட்டபின் மணிக்கு 247 கி.மீ. வேகத்தில் போய் மோதியதாம்! −4720ஐப் பார்த்துவிட்டு "குறை எண் வருகிறது, ஆகவே 32 மீட்டர் ஓடுவதற்குள் கார் நின்றுவிட்டது" என்று எழுதியிருந்தால் நாலையும் கொடுத்திருப்பேன்.

ஒரு தந்தை: என் பெண் நீட் எழுதினாள். ஒரு கேள்வியில் வழிமுறை சரி, கடைசி வகுத்தலில்தான் தவறு. இந்த விதியைச் சொல்லி மதிப்பெண் கேட்கலாமா?

முடியாது சார். நீட்டில் குறித்த விருப்பத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். வழிமுறையைப் படிக்கவே ஆள் இல்லை. நாம் பேசுவது எழுதிக் காட்டும் தேர்வுகளைப் பற்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர்: ரீச்சர், (அ)வில் "அமர்முடுகல் 5 m s⁻² எனக் காட்டுக" என்று வினா இருந்தால்? என் மாணவன் 4.44 எடுத்து, அதோடேயே மிச்சத்தையும் செய்திருக்கிறான். இதற்கும் புள்ளி கொடுக்கலாமோ?

"காட்டுக" என்று கேட்பதே, முதல் படியில் சறுக்கியவனும் மிச்சத்தைச் சரியான எண்ணோடு செய்யட்டும் என்றுதான். 5 என்று தாளிலேயே அச்சிட்டிருக்கும்போது 4.44ஐப் பிடித்துக்கொண்டு போவது, கொடுத்த தரவைப் படிக்காததற்குச் சமம். நான் (ஆ)வில் விடைக்கான 1ஐக் குறைப்பேன், பிரதியிட்டதற்கு உள்ள 1ஐக் கொடுப்பேன். அதற்கு அப்புறம் (இ), (ஈ)யில் திரும்பக் குறைக்க மாட்டேன். உங்கள் பரீட்சைக்குப் புள்ளித்திட்டம் தந்திருந்தால் அது சொல்வதுதான் முடிவு.

இன்னொரு வகையையும் பார்த்திருப்பீர்கள். 20ஐ 4.5ஆல் வகுத்து எழுதிவிட்டு, அடுத்த வரியில் "= 5" என்று போடுவார்கள். விடை தெரிந்துவிட்டதால் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த 5க்கு ஒன்றும் கிடையாது.

பிளஸ் ஒன் மாணவி: மிஸ், நான் (அ)வில் 4.44ன்னு தப்பா போட்டேன். ஆனா (ஆ)வில் சராசரி வேகம் 10, நேரம் 4, அதனால 40 மீட்டர்னு போட்டேன். (அ) விடையோட பொருந்தலைன்னு அடிச்சிட்டாங்க.

உனக்கு 2ம் வர வேண்டும் கண்ணு. நீ 4.44ஐத் தொடவே இல்லை, கேள்வியில் இருந்த 20ஐயும் 4ஐயும் வைத்துத் தனி வழியில் போயிருக்கிறாய். சரியான விடை, சரியான வழி. முந்தைய பகுதியோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம், முந்தைய எண்ணைப் பயன்படுத்தினவர்களுக்குத்தான். தாளை எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு வரியைக் காட்டிக் கேள்.

முதலில் கேட்ட ஆசிரியை: கட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன் டீச்சர். பையனுக்கு 9 ஆக்கிவிட்டேன். ஆனால் இரண்டு தாளில் சிக்கிக்கொண்டேன். ஒன்றில் 400 ÷ 8.88 என்று எழுதிவிட்டு எதிரே 40 என்று இருக்கிறது. இன்னொருத்தி 72ஐ மாற்றவே இல்லை. 18, 144, 180 என்று போகிறது.

முதல் தாளில் 8.88ஆல் வகுத்தால் 40 வராது. பக்கத்து பெஞ்சிலிருந்து வந்த 40 என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வரியிலிருந்து வரவில்லை. பிரதியிட்டதற்கு 1 மட்டும். நம் விடைக்குறிப்பில் உள்ள எண்ணைப் பார்த்ததும் கை தானாக டிக் போடும், அங்கேதான் நிதானம் வேண்டும்.

72ஐ மாற்றாதவளுக்கு (ஆ)வில் 144, (இ)யில் 36ஐக் கூட்டி 180, (ஈ)யில் மிச்சம் 6 மீட்டர், வேகம் 70.5 என்று வந்திருந்தால் எட்டும் அவளுக்கு. (அ)வில்தான் எனக்கே இழுபறி. மாற்றாததற்கு 1 குறைத்தாயிற்று. 72ஐ 4ஆல் வகுத்து 18 என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், ஒரு முறைதான் குறைக்க வேண்டும் என்றால் மற்ற 1ஐக் கொடுக்க வேண்டும். ஆனால் 18 மீ/வி² என்று அலகோடு எழுதியிருந்தால் அது பச்சைத் தவறான விடை. நான் இத்தனை வருடம் கொடுக்காமல்தான் வந்திருக்கிறேன். போன வருடம் திருத்தும்போது பக்கத்தில் இருந்தவர் கொடுத்தார். அவரிடம் காரணம் கேட்டேன், அவர் சொன்னதற்கு எனக்கு இன்னும் மறுப்பு கிடைக்கவில்லை.