கொட்டேஷன் அதிகம் என்கிறார் வாடிக்கையாளர்: 20,000 குறைக்கலாமா?

கேள்வி: மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு எல் வடிவ கிச்சனுக்கு வரி தனியாக 2,40,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தேன். “ரொம்ப அதிகம், வேறொருவர் 1,90,000க்கு முடித்துத் தருகிறார்” என்கிறார் வாடிக்கையாளர். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. 20,000 குறைத்துச் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்வதற்கு முன் அந்த 20,000 எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். உங்கள் வேலையில் பிளைவுட், மைக்கா, ஹார்டுவேர் எல்லாம் சேர்ந்து 1,38,000, ஆசாரி கூலி 48,000, வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 8,000, பட்டறை வாடகை, கரண்டில் இந்த வேலையின் பங்கு 16,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,10,000. உங்களுக்கு நிற்பது 30,000. விலையில் 20,000 என்பது எட்டு சதவீதம்தான், ஆனால் உங்கள் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கேட்டவுடன் குறைத்தால், முதலில் சொன்ன விலையே ஏற்றிச் சொன்னதுதான் என்று அவருக்குத் தோன்றும். அப்புறம் இன்னும் குறைக்கச் சொல்வார்.

அதனால் முதல் பதிலில் விலை பேச வேண்டாம். இப்படி அனுப்புங்கள்: “சரி சார், பார்க்கலாம். அவர்கள் என்னென்ன பொருள் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒப்பிட்டுச் சொல்ல வசதியாக இருக்கும். விலையை மறைத்துவிட்டு அந்த கொட்டேஷனை அனுப்ப முடியுமா? உங்கள் பட்ஜெட் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.” சிலர் அனுப்ப மாட்டார்கள். ஆனாலும் எதை மனதில் வைத்து அதிகம் என்கிறார் என்பது அவர் பதிலிலேயே தெரிந்துவிடும்.

தாள் கைக்கு வந்தால் முதலில் பிளைவுட் வரியைப் படியுங்கள். நீங்கள் ஐஎஸ் 710 தரம் போட்டிருப்பீர்கள். அங்கே வெறும் ‘18 எம்எம் பிளைவுட்’ என்று மட்டும் இருந்தால், அது ஐஎஸ் 303இல் வரும் எம்ஆர் தரமாக இருக்கலாம். எம்ஆர் ஈரப்பதம் தாங்கும், தண்ணீரில் ஊறினால் தாங்காது. சிங்க் குழாய் கசிந்தால் அடிப்பலகை உப்பி, ஒட்டு பிரிந்து, கீல் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும். அடுத்து பெட்டியின் உட்பக்கம் மைக்காவா, பெயின்ட்டா. டிராயருக்கு டேண்டம் பாக்ஸா, சாதாரண சேனலா என்று பாருங்கள். ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்னதா என்பதையும் கேளுங்கள். அந்தக் கடைக்காரரும் வரி தனியாகப் போடுகிறவர் என்றால் 18 சதவீதத்துக்கு 34,200 கூடி, 1,90,000 என்பது 2,24,200 ஆகிவிடும்; அதை வரி சேர்ந்த உங்கள் விலையான 2,83,200உடன்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசங்களைச் சொல்லும்போது அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகக் காட்டினால் போதும்.

ஒப்பிட்ட பிறகும் “என்னால் 2,10,000தான் முடியும்” என்று அவர் சொன்னால், அது நிஜமான பட்ஜெட். அப்போது விலையைக் குறைக்கலாம், ஆனால் வேலையிலிருந்தும் ஏதாவது குறைய வேண்டும். மேல் அலமாரிகளில் தண்ணீர் படாது, அங்கே மட்டும் எம்ஆர் போட்டால் 9,000 குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டேண்டம் பாக்ஸில் இரண்டைச் சாதாரண டிராயராக மாற்றினால் 12,000, லாஃப்ட் கதவைப் பிறகு பார்த்துக்கொண்டால் 11,000. ஆக 2,08,000. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி, எதை விடுவது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிங்க் அடிப்பலகையிலும் கீலிலும் மட்டும் கை வைக்காதீர்கள். வாரண்டி காலத்தில் போன் வருவது பெரும்பாலும் அந்த இரண்டுக்காகத்தான்.

பட்ஜெட் இருந்தும் பேரம் பேசிப் பார்க்கிறவர் என்றால், எதையும் வாங்காமல் கொடுக்காதீர்கள். “அட்வான்ஸ் 50க்குப் பதில் 70 சதவீதம் தாருங்கள், ஷீட் எல்லாம் ஒரே லோடில் எடுத்துவிடுவேன், 5,000 குறைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். ஷீட் வாங்கும் கடையில் ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி தருவார்கள் என்று முன்பே கேட்டு, அதற்குள் நிற்கும் தொகையை மட்டும் சொல்லுங்கள்.

இதே பொருள், இதே வேலை, 1,90,000தான் என்று அவர் பிடிவாதமாக நின்றால் விட்டுவிடுங்கள். வேலை இல்லாத மாதம், பட்டறை வாடகை எப்படியும் கட்டத்தானே வேண்டும் என்று அந்த 16,000ஐக் கழித்தாலும் உங்கள் கைச்செலவு 1,94,000. கையிலிருந்து 4,000 போட்டுச் செய்கிற வேலையாகிவிடும். “இந்தப் பொருளில் அந்த விலைக்கு என்னால் முடியாது சார். நான் கொடுத்த கொட்டேஷன் 15 நாள் வரை செல்லும், பிளைவுட் விலை மாறினால் அதற்குப் பிறகு மாறும்” என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.