இரண்டு விடைகளுக்கு நடுவே ஒரு ln 3

கேள்வி: 1/√(x²+9) என்பதை 0 முதல் 4 வரை தொகையிட்டேன். வாய்பாட்டின்படி ln(x+√(x²+9)). அதில் 4ஐப் போட்டால் ln 9, அதாவது 2.197. விடைக்குறிப்பிலோ sinh⁻¹(4/3) = 1.0986 என்று இருக்கிறது. சரியாகப் பாதி வருகிறது. இரண்டும் ஒரே சார்புதான் என்று வகுப்பில் சொன்னார்களே, எங்கே தவறுகிறேன்?

பதில்: வாய்பாட்டில் குறையில்லை. கீழ் எல்லையைத்தான் கைவிட்டுவிட்டீர்கள். x = 0 என்றதும் மதிப்பும் 0 என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். sinh⁻¹(x/3) அங்கே 0 ஆவது உண்மை. ஆனால் ln(x+√(x²+9)) அங்கே ln 3. அதைக் கழித்தால் ln 9 − ln 3 = ln 3 = 1.0986. குறிப்பில் உள்ள விடையே வந்துவிடுகிறது. சரியாகப் பாதி என்பது 9 = 3² என்பதால் நேர்ந்த தற்செயல். மேல் எல்லை வேறாக இருந்தால் அந்த விகிதம் வராது.

விடைக்குறிப்பைப் பார்க்காமலே இந்தப் பிழையைப் பிடித்திருக்கலாம். 1/√(x²+9) இன் மிகப் பெரிய மதிப்பு x = 0 இல் 1/3. இடைவெளியின் நீளம் 4. ஆகவே பரப்பு 4/3ஐத் தாண்ட வழியே இல்லை. 2.197 என்று கண்டவுடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, இரண்டும் ஒரே சார்பு என்பது எந்த அளவுக்கு உண்மை? y = sinh⁻¹x என்றால் x = (e^y − e^(−y))/2. e^y ஐ t என்று எழுதி, இருபுறமும் 2t ஆல் பெருக்கினால் t² − 2xt − 1 = 0 என்ற சாதாரண இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. மூலங்கள் x ± √(x²+1). அவற்றின் பெருக்கற்பலன் −1, எனவே ஒன்று மிகை, மற்றொன்று குறை. e^y ஒருபோதும் குறை எண் ஆகாது. ஆகவே கூட்டல் குறி உள்ள மூலம் மட்டுமே நிற்கிறது:

sinh⁻¹x = ln(x + √(x²+1))

x இன் இடத்தில் x/3 போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் (x + √(x²+9))/3 என்று வரும். மடக்கை விதிப்படி அது ln(x+√(x²+9)) − ln 3. வாய்பாட்டைத் தருபவர்கள் அந்த ln 3ஐத் தொகையீட்டு மாறிலிக்குள் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். இரண்டு எல்லைகளையும் ஒரே வடிவத்தில் போட்டால் அது தானாகவே கழிந்துபோகும். மேல் எல்லையை ஒரு வடிவத்திலும் கீழ் எல்லையை மற்றொன்றிலும் போட்டால்தான் வம்பு.

வகையிட்டுச் சரிபார்ப்பதும் இரண்டு வரி வேலைதான். ln(x+√(x²+1)) ஐ வகையிட்டால் தொகுதியில் 1 + x/√(x²+1), பகுதியில் x + √(x²+1). தொகுதியைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால் (√(x²+1) + x)/√(x²+1) ஆகிறது. மேலேயும் கீழேயும் அதே கூட்டல். அடித்துவிட்டால் மிஞ்சுவது 1/√(x²+1). பள்ளிப் பாடநூலில் log என்று அச்சாகியிருந்தாலும் அது e அடிமான மடக்கை என்பதை மறக்க வேண்டாம். கால்குலேட்டரில் ln பொத்தானுக்குப் பதில் log பொத்தானை அழுத்தினால் ln 3 க்குப் பதில் 0.477 வரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து இடறப்போவது 1/√(x²−1) இல். cosh க்கும் இதே வழியில் போனால் மூலங்கள் x ± √(x²−1), பெருக்கற்பலன் +1. x > 1 எனில் இரண்டுமே மிகை எண்கள். எனவே எதைத் தள்ளுவது என்று குறி சொல்லாது. y ≥ 0 என்று நாமாகவே முடிவு செய்து கூட்டல் குறியை எடுக்கிறோம். cosh y ஒருபோதும் 1க்குக் கீழே போகாது என்பதால் cosh⁻¹x, x ≥ 1 க்கு மட்டுமே பொருள்படும். தொகையிட வேண்டிய சார்போ x < −1 இலும் இருக்கிறது. அங்கே உதவுவது ln|x+√(x²−1)|. அந்த மட்டுக் குறி அலங்காரத்துக்கு அல்ல.

எடுத்துக்காட்டாக −5/3 முதல் −5/4 வரை தொகையிடுவோம். மேல் எல்லையில் வர்க்கமூலம் 3/4, கூட்டினால் −1/2. கீழ் எல்லையில் வர்க்கமூலம் 4/3, கூட்டினால் −1/3. மட்டு எடுத்தால் ln(1/2) − ln(1/3) = ln(3/2), ஏறத்தாழ 0.405. cosh⁻¹ பொத்தானையே நம்பினால் −5/4ஐப் போட்டதுமே கால்குலேட்டர் பிழை காட்டும். சார்பு y-அச்சைப் பொறுத்துச் சமச்சீரானது என்பதைப் பயன்படுத்தி, 5/4 முதல் 5/3 வரை என்று எல்லையை மாற்றிக்கொண்டால் அதே பொத்தான் ln 3 − ln 2 என்று இதே விடையைத் தரும். x²+9 வகையில் இந்தத் தொல்லை கிடையாது. √(x²+9) எப்போதும் |x| ஐவிடப் பெரியது என்பதால் அடைப்புக்குள் குறை எண் வரவே வராது, மட்டுக் குறி இல்லாமலே எழுதலாம்.