குறுஞ்செய்தியில் எழுத்தும் புள்ளியும் விட்டுப்போனால் இலக்கணப் பிழையா?

"நண்பருக்கு 'நாளைக்கு வரேன்' என்று முற்றுப்புள்ளி இல்லாமல் அனுப்பினேன். இது இலக்கணப் பிழையா?"

இல்லை. 'வரேன்' பேச்சு வடிவம். அதிலுள்ள 'ஏன்' விகுதி 'நான்' என்ற எழுவாயோடு சரியாகவே பொருந்துகிறது. 'அக்கா வந்தான்' என்று எழுதியிருந்தால்தான் பிழை, அது பால்வழு. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களும் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு பற்றியவை. எழுத்து விடுபடுவது அவற்றில் வராது. ஆனால் இதே வடிவத்தை விண்ணப்பத்தில் எழுதினால் நான் கட்டாயம் திருத்துவேன்.

நிறுத்தக்குறிகள் ஐரோப்பிய அச்சு வழக்கத்தோடு தமிழுக்கு வந்தவை. 'வருகிறாயா' என்பதில் 'ஆ' இருப்பதால் கேள்விக்குறி இல்லாமலே அது கேள்விதான். காற்புள்ளியில் மட்டும் கவனம் வேண்டும். 'தம்பி வந்துவிட்டான்' என்றால் வந்தவன் தம்பி. 'தம்பி, வந்துவிட்டான்' என்றால் தம்பியிடம் வேறொருவன் வந்ததைச் சொல்கிறோம். அந்தக் குறி விடுபட்டால் இலக்கணம் கெடாது, செய்தி மாறிவிடும்.