சிவப்பாகத் தெரிந்த கொத்துகள்: கிராம் சாயத்தில் எங்கே பிழை?

கேள்வி: கிருஷ்ணகிரியில் லேப் டெக்னீசியன் படிக்கிறேன். மாந்தோப்பில் முள் குத்திச் சீழ் பிடித்த காலிலிருந்து எடுத்த ஸ்லைடில், உருண்டையான பாக்டீரியாக்கள் கொத்துக் கொத்தாக, ஆனால் சிவப்பாகத் தெரிந்தன. அது எந்தக் கிருமி? தேர்வில் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி நான்கையும் சாயத்திலும் வளர்ப்பிலும் ஒப்பிடச் சொன்னால் எதை வைத்து எழுதுவது?

பதில்: சீழில் கொத்தாக நிற்கும் உருண்டை பாக்டீரியா பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ்தான், அது ஊதாவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வடிவத்தை நம்பி, நிறத்தைச் சந்தேகியுங்கள்.

கிரிஸ்டல் வயலட்டை ஒரு நிமிடமும் அயோடினை ஒரு நிமிடமும் விடும்போது, இரண்டும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன. ஆல்கஹால் பட்டதும் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவின் தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவர் நீரிழந்து சுருங்கி, அந்த நிறத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. கிராம் நெகட்டிவில் சுவர் மெல்லியது, வெளிச்சவ்வின் கொழுப்பும் கரைவதால் நிறம் வெளியேறி, பிறகு சஃப்ரனினின் சிவப்பு ஏறுகிறது. ஆல்கஹாலைச் சில விநாடிகள் கூடுதலாக விட்டாலே தடித்த சுவரும் நிறத்தை இழக்கும். அயோடின் விடுபட்டாலும், ஸ்மியரைச் சூட்டில் அளவுக்கு மீறிக் காட்டினாலும் இதே நிலைதான். நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், சுவர் சிதைந்த பாக்டீரியாவும் சிவப்பாகத் தெரியலாம்.

பிழை எங்கே என்று அறிய, அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸின் புதிய கல்ச்சரையும் மறு ஓரத்தில் ஈ. கோலையையும் வைத்துச் சாயமேற்றுங்கள். தெரிந்த ஸ்டெஃபிலோகாக்கஸும் சிவந்தால் தவறு நீங்கள் சாயமேற்றிய முறையில், பெரும்பாலும் ஆல்கஹாலில். அது ஊதாவாக இருந்து சீழில் உள்ளது மட்டும் சிவந்தால், மாதிரியை ஆராய வேண்டும். சீழ் செல்களின் உட்கரு ஊதாவாகத் தெரிந்தால், மாறாக, நிறம் போதிய அளவு நீக்கப்படவில்லை என்று பொருள். இறுதி விடையைக் கல்ச்சர் தரும்: பிளட் அகாரில் 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரத்தில் பொன்னிறக் காலனிகள் வந்து, கேட்டலேஸ், கோயாகுலேஸ் இரண்டும் பாசிட்டிவ் ஆனால் அது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்.

தேர்வில் ஒப்பீட்டையும் சுவரிலிருந்தே தொடங்குங்கள். வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த வளர்சிதைமாற்றமும் இல்லை. எனவே கிராம் சாயம் பயன்படாது, அகாரிலும் வளராது, உயிருள்ள செல்கள் அல்லது கருவுற்ற முட்டைதான் தேவை. பூஞ்சையின் சுவர் கைட்டினும் குளுக்கனும் கொண்டது; கேண்டிடா கிராம் சாயத்தில் ஊதாவாகவே தெரியும் என்றாலும், பாக்டீரியாவைவிடப் பெரிய உருவமும் அரும்பும் அதை வேறுபடுத்திக் காட்டும். பொதுவாக 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் பார்த்து, சபரோடு அகாரில் வளர்க்கிறோம். மோல்டுக்கு நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஒட்டுண்ணிகளை அன்றாடப் பரிசோதனையில் பெரும்பாலும் வளர்ப்பதில்லை. மலேரியாவுக்கு லெயிஷ்மன் அல்லது ஜீம்சா சாயமேற்றிய இரத்த ஸ்மியரிலும், குடல் ஒட்டுண்ணிகளுக்கு உப்புநீர், அயோடின் ஈர ஸ்லைடுகளிலும் உருவத்தைக் கண்டே முடிவு சொல்கிறோம்.