லாமா நோட்ஸ் எப்படி எழுதணும்?

"பேஷண்ட் பேச்சை கேக்காம கிளம்பிட்டார்னு இருக்குற நோட்ஸை எப்படி மாத்தி எழுதுறது?"

டாக்டர் போக வேணாம்னு சொல்லியும் பேஷண்ட் கிளம்புறதைத்தான் சென்னை ஆஸ்பத்திரிகள்ல லாமானு சொல்வாங்க. "பிடிவாதமா போயிட்டார்"னு எழுதுனா அதுல நம்ம கோவம்தான் தெரியும், அடுத்து பாக்குற டாக்டருக்கு ஒண்ணும் கிடைக்காது. கிரிக்கெட் ஸ்கோர் புக் மாதிரி நடந்தது மட்டும் இருக்கட்டும். நெஞ்சு வலின்னு வந்தவருக்கு இப்படி எழுதலாம்: "இரவு 9.40. முதல் ஈசிஜி நார்மல், ரெண்டாவது ட்ரோபோனின் டெஸ்ட் பாக்கி. இப்ப போனா மாரடைப்பு இருந்தாலும் தெரியாம போகலாம், உயிருக்கே ஆபத்துன்னு மனைவி முன்னாடி தமிழ்ல விளக்கினேன், புரிஞ்சதை அவரே திருப்பி சொன்னார், தெளிவா இருந்தார். அவர் சொன்ன காரணம்: 'வீட்ல அம்மா தனியா இருக்காங்க.'" ஏற்கனவே சைன் பண்ணின நோட்ஸை அழிக்காதீங்க, தேதி நேரம் போட்டு கீழ புதுசா எழுதுங்க. கையெழுத்து வாங்கிட்டா பொறுப்பு முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, மருந்து சீட்டு குடுத்து எந்த அறிகுறி வந்தா உடனே திரும்பி வரணும்னு சொன்னதையும் எழுதணும்.