தெரிந்த பதிலைத் தப்பாகச் சொல்ல வைத்தார்கள்

கேள்வி: பழைய அமெரிக்க டிவி வினாடி வினாக்களில் பதிலை முன்பே சொல்லிக் கொடுத்தார்களாமே, உண்மையா? அப்புறம் சட்டம் ஏதாவது வந்ததா?

உண்மைதான். நன்றாக ஆவணமான வழக்கு, என்பிசி சேனலில் 1956 செப்டம்பரில் தொடங்கிய 'ட்வென்டி ஒன்'. முதல் நாள் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி திணறினார்கள், பார்க்கவே சலிப்பாகிவிட்டது. ஸ்பான்சர் கொதித்துப்போய், இனி இப்படி நடக்கக் கூடாது என்றார். அதன் பிறகு தயாரிப்பாளர் டான் என்ரைட் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்யத் தொடங்கினார்.

பதிலை மட்டும் கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற போட்டியாளருக்கு, பதில் தெரியாமல் திணறுபவர் மாதிரி எப்படி நடிப்பது என்றே பயிற்சி கொடுத்தார்கள். பொருந்தாத பழைய கோட், ஒட்ட வெட்டிய முடி. போட்டியாளர் நின்று பதில் சொல்லும் கண்ணாடி அறைக்குள் ஏசியை நிறுத்திவிடுவார்கள். வியர்வையைத் துடைக்காதே, கைக்குட்டையால் ஒற்றி எடு என்பது வரை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு அவர் சலித்ததும், 1956 டிசம்பர் 5 அன்று சார்லஸ் வான் டோரன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியரிடம் தோற்கச் சொன்னார்கள். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்பது ஒரு கேள்வி. பதில் 'மார்ட்டி'. ஸ்டெம்பல் அதை மூன்று முறை பார்த்தவர். ஆனாலும் சொல்லிக் கொடுத்தபடி, முந்தைய ஆண்டு விருது வாங்கிய படத்தின் பெயரைச் சொன்னார்.

பிறகு அவர் வெளியே போய் உண்மையைச் சொன்னார். பொறாமையில் பேசுகிறார் என்று ஒதுக்கினார்கள், கையில் ஆதாரம் இல்லையே! ஆதாரம் வைத்திருந்தவர் ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்ற இன்னொரு போட்டியாளர். தனக்குக் கிடைத்த கேள்வி பதில்களை எழுதி, நிகழ்ச்சிக்கு முன்பே பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தார். 1959-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் அந்த உறையைப் பிரித்தபோது, ஒளிபரப்பில் கேட்ட கேள்விகள் அதில் இருந்தன. அந்த நவம்பரில் வான் டோரனும் ஒப்புக்கொண்டார்.

ஆனால் டிவி வினாடி வினாவில் ஏமாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் அன்று கிடையாது. அதனால் வழக்குத் தொடுக்க ஆதாரம் போதுமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன் பொய் சொன்னதற்காக மட்டுமே சிலர் மேல் வழக்குப் போட முடிந்தது.

சட்டம் 1960-ல் வந்தது. தகவல் தொடர்புச் சட்டத்தில் 509-வது பிரிவைச் சேர்த்தார்கள். மக்களை ஏமாற்றும் நோக்கில் போட்டியாளருக்கு ரகசியமாக உதவினால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பான்சர் கையில் இருந்த நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டையும் சேனல்கள் தாங்களே எடுத்துக்கொண்டன.

அந்தப் பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. ஆசை காட்டியோ மிரட்டியோ, ஒருவர் தனக்குத் தெரிந்ததை வெளிக்காட்டாமல் இருக்கச் செய்வதும் குற்றம். ஸ்டெம்பலுக்கு நடந்தது அதுதான்.